ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கு போன் ஹாட்ஸ்பாட்: முதல் நாள் தாண்டிய பிறகு தெரியவருபவை

வெளியில் வாங்கிப் பொருத்திய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ உள்ள கார்களுக்கான அனுபவக் குறிப்பு இது. ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வழியாகத் திரையைப் பயன்படுத்துபவர்களுக்கு மேப்பும் பாட்டும் போனிலேயே ஓடுகின்றன. அவர்களுக்கு ஹாட்ஸ்பாட் தேவையில்லை. சிம் இல்லாமல், மேப் ஆப்பையும் பாட்டு ஆப்பையும் தனக்குள்ளேயே ஓட்டும் திரைக்குத்தான் போனின் நெட் வேண்டும்.

முதல் நாள் பலருக்கும் நடப்பது இதுதான்: போனில் ஹாட்ஸ்பாட் ஓடுகிறது, பக்கத்தில் இருப்பவரின் போனில் அந்தப் பெயர் தெரிகிறது, ஸ்டீரியோவின் வைஃபை பட்டியலில் மட்டும் காணோம். விலை குறைந்த ஸ்டீரியோக்கள் பலவற்றில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே இருக்கிறது. இன்றைய போன்கள் பலவும் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட்டைத் திறக்கின்றன. அந்த அலையை ஸ்டீரியோவால் பார்க்கவே முடியாது. ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் "Band" என்பதை 2.4 GHz ஆக மாற்ற வேண்டும். ஐபோன் 12-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் "Maximize Compatibility" என்பதை ஆன் செய்தால் போதும். மேப்புக்கும் பாட்டுக்கும் 2.4-இன் வேகம் தாராளம். 5-ஐ விட்டதில் எந்த நஷ்டமும் இல்லை.

அங்கேயே இன்னும் இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுவது நல்லது. பாதுகாப்பு வகை WPA3 என்றிருந்தால் WPA2-க்கு இறக்குங்கள். பழைய ஸ்டீரியோ WPA3-இல் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தாலும் இணையாது. ஹாட்ஸ்பாட்டின் பெயரில் எமோஜியோ மேற்கோள் குறியோ வேண்டாம். வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் வைத்தால் சில ஸ்டீரியோக்கள் செய்யும் தகராறு நின்றுவிடும்.

இதெல்லாம் ஒருமுறை வேலை. தினமும் பொறுமையைச் சோதிப்பது காலையில் காரை எடுக்கும்போது இணைப்பு தானாக வராததுதான். யாரும் இணையாமல் சில நிமிடம் போனால் ஆண்ட்ராய்டு போன்கள் ஹாட்ஸ்பாட்டைத் தாங்களே அணைத்துவிடும். பெரும்பாலும் 10 நிமிடம். அந்த நேரக்கெடுவை எடுத்துவிட்டால் நாள் முழுக்க பேட்டரி கரையும். இதைவிட நல்ல வழி, காரின் ப்ளூடூத் இணைந்ததும் ஹாட்ஸ்பாட் ஆன் ஆகும்படி வைப்பது. சாம்சங் போன்களில் "Modes and Routines" என்ற இடத்தில் இதை அமைக்கலாம்: "ப்ளூடூத் சாதனம் இணைந்தால்" என்பதில் காரைத் தேர்ந்தெடுத்து, செய்ய வேண்டிய வேலையாக "Mobile hotspot"-ஐ ஆன் என்று கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ப்ளூடூத் பிடிக்கும், அதன் பின்னாலேயே ஹாட்ஸ்பாட் எழும், ஸ்டீரியோ தேடி இணைந்துகொள்ளும். ஐபோனில் இவ்வளவு வசதி இல்லை. "Personal Hotspot" பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டீரியோ இணையும்வரை அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வராமல் இருப்பதுதான் நம்பகமான வழி.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்து ஒருநாள் திடீரென ஸ்டீரியோ தானாக இணைவதை நிறுத்திவிடுவதும் உண்டு. காரணம் பெரும்பாலும் முந்தைய நாளின் பேஸ்மென்ட் பார்க்கிங். அங்கே போனுக்கு டவர் இல்லை, ஆனால் ஹாட்ஸ்பாட் ஓடுகிறது. ஸ்டீரியோ இணைந்து பார்த்து, "இந்த வைஃபையில் நெட் இல்லை" என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை தானாக அதன் பக்கம் போவதில்லை. அந்த நெட்வொர்க்கை அழுத்திப் பிடித்து "Forget" கொடுத்து, டவர் நன்றாக உள்ள இடத்தில் மறுபடி சேர்த்தால் சரியாகிவிடும். நெட் இல்லை என்று திரையே கேட்கும்போது, மறுபடி கேட்காதே என்ற கட்டத்தை டிக் செய்து, இணைப்பிலேயே இரு என்று கொடுத்தாலும் பிரச்சினை திரும்ப வராது.

நீண்டநாள் ஓட்டத்தில் அதிகம் ஏமாற்றுவது இரண்டு சிம் விவகாரம். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெட் முதல் சிம்மில். அழைப்பு இரண்டாவது சிம்மில் வருகிறது. பேச ஆரம்பித்ததும் பல போன்களில் முதல் சிம்மின் டேட்டா நின்றுவிடும். திரையில் நீல அம்பு நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு முன்னால் சாலை வராமல் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கும், ஓரிரு பாட்டுக்குள் ஆப்பும் சுற்ற ஆரம்பிக்கும். அழைப்பு முடிந்ததும் எல்லாம் உயிர்பெறும். ஸ்டீரியோவைக் கடைக்கு எடுத்துப் போவதில் பயனில்லை. போனின் சிம் அமைப்பில் "Data during calls" அல்லது "Auto data switching" என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். ஐபோனில் அதன் பெயர் "Allow Cellular Data Switching". அழைப்பு வந்த சிம்மிலும் டேட்டா பேக் இருக்க வேண்டும், VoLTE ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வசதி கைகொடுக்காது.

அந்த நீல அம்பு நல்ல அடையாளம். அம்பு நகர்ந்து படம் மட்டும் வரவில்லை என்றால் குறை நெட்டில். படம் பளிச்சென்று இருந்து அம்பு பக்கத்துத் தெருவுக்குத் தாவினால் ஹாட்ஸ்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டீரியோவோடு வந்த கறுப்புச் சதுர ஜிபிஎஸ் ஆண்டெனா டேஷ்போர்டுக்குள் ஏதோ உலோகத்துக்கு அடியில் சிக்கியிருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே, வானத்தைப் பார்த்த மாதிரி மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

டேட்டா கணக்கைப் பார்ப்போம். 160 கேபிபிஎஸ் தரத்தில் பாட்டு கேட்டால் மணிக்கு 72 எம்பி ஆகும். சென்னையிலிருந்து மதுரைக்கு 7 மணிநேரம் பாட்டு நிற்காமல் ஓடினாலும் 500 எம்பிதான். மேப்புக்கு ஆவது இதோடு ஒப்பிட்டால் சொற்பம். தினம் 1.5 ஜிபி பிளானில் இது அடங்கிவிடும். ஆனாலும் விழுப்புரம் தாண்டும்முன் டேட்டா தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்டீரியோவுக்கு உங்கள் ஹாட்ஸ்பாட் ஒரு வைஃபை. வைஃபை என்றாலே வீட்டு இணைப்பு என்று எண்ணி பிளே ஸ்டோர் எல்லா ஆப்பையும் பின்னணியில் அப்டேட் செய்யும். ஸ்டீரியோவில் பிளே ஸ்டோருக்குள் போய் "Auto-update apps" என்பதை நிறுத்துங்கள். அதோடு வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க்கை "Metered" என்று குறியுங்கள். தினசரி அளவு தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால் மேப் தட்டுத்தடுமாறி வரும். 160-இல் ஓடும் பாட்டு வரவே வராது.

கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பாதைகளில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். கிளம்பும்போதே வழியைப் போட்டுவிட்டால் நெட் போனாலும் அந்த வழி திரையில் தொடரும், ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புது வழி போட முடியாமல் நிற்கும். அதனால் முந்தைய இரவே வீட்டு வைஃபையில் ஸ்டீரியோவை இணைத்து, கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, "Offline maps", பிறகு "Select your own map" என்று போய் மலையையும் அடிவாரத்தையும் சேர்த்துப் பதிவிறக்குங்கள். இதை ஸ்டீரியோவில்தான் செய்ய வேண்டும். போனில் சேமித்த மேப்பை ஸ்டீரியோவால் எடுத்துக்கொள்ள முடியாது. நெட் இல்லாத இடத்தில் போக்குவரத்து நெரிசலின் சிவப்புக் கோடு மட்டும் தெரியாது, வழி காட்டுவது நிற்காது.