செக் திரும்பிவிட்டது: நோட்டீஸா, மறுபடி வங்கியில் போடுவதா, சிவில் வழக்கா?

கைமாற்றாகப் பணம் கொடுத்து, அதற்கு வாங்கின செக் 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்று திரும்பி வந்ததும், பணம் வாங்கியவரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, அடுத்த மாசம் ஒரு தடவை போட்டுப் பாருங்க, கண்டிப்பா பாஸ் ஆயிடும்." இதை நம்பலாமா, உடனே வக்கீல் நோட்டீஸ் விடுவதா, இல்லை சிவில் கோர்ட்டுக்குப் போய்விடுவதா என்பதுதான் கேள்வி. மூன்றுக்குமே சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் மூன்றின் கடிகாரமும் வேறு.

ஒரு கணக்கை வைத்தே பேசுவோம். செக்கின் தேதி ஜனவரி 10, தொகை 4 லட்சம் ரூபாய். ஜனவரி 20-ல் வங்கியில் போட்டீர்கள், 22-ஆம் தேதி ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்தது. அந்தச் சின்னச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துவிடாதீர்கள். ஏன் திரும்பியது, எப்போது திரும்பியது என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அது உங்களுக்கு எந்த நாளில் கிடைத்தது என்பதையும் குறித்து வையுங்கள், எல்லாக் கணக்கும் அந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது.

முதல் வழி, உடனே நோட்டீஸ். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவுப்படி, செக் திரும்பிய தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் நம் கணக்கில் பிப்ரவரி 21 கடைசி நாள். நீங்கள் பிப்ரவரி 3-ல் தபாலில் அனுப்பி, 6-ஆம் தேதி அவர் வாங்கிக்கொண்டார் என்று வையுங்கள். பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது பிப்ரவரி 21 வரை. கட்டவில்லையென்றால் 22-ஆம் தேதி வழக்குக்கான காரணம் பிறக்கிறது, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், மார்ச் 22-க்குள், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் ஆக வேண்டும். கடைசி நாள்வரை இழுக்காமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. அதேபோல அவசரப்பட்டு அந்த 15 நாள் முடிவதற்குள் புகார் போட்டாலும் அது நிற்காது. 2014-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு வித்தியாசம் உண்டு. புகார் தாக்கல் செய்யத் தாமதமானால், தகுந்த காரணம் காட்டி கோர்ட்டிடம் மன்னிப்புக் கேட்க சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸுக்கான 30 நாளைத் தவறவிட்டால் அந்த வழி இல்லை. உடம்பு சரியில்லை, வக்கீல் ஊரில் இல்லை என்று எதைச் சொன்னாலும் அந்த முறை திரும்பியதை வைத்து வழக்குப் போட முடியாது.

அங்கேதான் இரண்டாவது வழி கைகொடுக்கிறது. செக்கின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம், நம் கணக்கில் ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கும்வரை. அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வங்கியில் போடலாம். முன்பு, ஒரு தடவை நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போடாமல் விட்டால் மறுபடி போட்டுப் பயனில்லை என்று தீர்ப்பு இருந்தது. 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. ஆகவே மார்ச் 15-ல் மறுபடி போட்டு, 18-ல் மெமோ வந்தால் புதிதாக 30 நாள் கிடைக்கும். "அடுத்த மாசம் போடுங்க" என்பதற்குச் சம்மதிப்பதில் சட்டப்படி தவறில்லை, ஆனால் அந்த "அடுத்த மாசம்" ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்டிப் போனால் செக் வெறும் காகிதம். தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் பல பேர் இந்தக் கணக்கைத் தெரிந்தேதான் தள்ளுகிறார்கள். அவகாசம் கேட்டால் புதுத் தேதியிட்ட வேறு செக் கேளுங்கள்.

இடையில் அவர் ஒரு லட்சத்தை கூகுள் பே-யில் அனுப்பிவிட்டார் என்று வையுங்கள், அதோடு பழைய 4 லட்சம் செக்கை அப்படியே மறுபடி போட்டால் வழக்கே கவிழ்ந்துவிடலாம். செக் வங்கிக்குப் போகும் நாளில் பாக்கி 3 லட்சம்தானே, செக்கோ 4 லட்சத்துக்கு. பகுதிப் பணம் வந்ததைச் செக்கிலேயே எழுதிக் குறித்து மீதிக்கு மட்டும் வங்கியில் போட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் மூன்று லட்சத்துக்குப் புதுச் செக் வாங்குவதே சுலபம். நோட்டீஸிலும் இதே கவனம் வேண்டும்: செக்கில் உள்ள தொகையை அப்படியே கேட்க வேண்டும், வட்டி, வக்கீல் செலவு கேட்டால் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும். தொகை மாறினால், அது தட்டச்சுப் பிழை என்று சொன்னாலும் நோட்டீஸ் செல்லாது என்று 2025-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

மூன்றாவது, சிவில் வழக்கு. இங்கே பொதுவாக மூன்று வருடம் இருக்கிறது, வட்டியும் சேர்த்துக் கேட்கலாம், நோட்டீஸ் 30 நாளைத் தவறவிட்டவருக்கும் கதவு திறந்தே இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணமாக வழக்குத் தொகையில் 3 சதவீதம் கட்ட வேண்டும், 4 லட்சத்துக்கு அதுவே 12,000 ரூபாய். தீர்ப்பு வாங்கிய பிறகு அதை நிறைவேற்ற இன்னொரு மனு போட்டு அலைய வேண்டியிருக்கும். 138-ல் இரண்டு வருடம்வரை சிறை, செக் தொகையின் இரண்டு மடங்குவரை அபராதம் என்ற பயம் இருப்பதால் எதிராளி பேச்சுவார்த்தைக்கு வருகிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தவும் தடை இல்லை.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? "நோட்டீஸே வரலை" என்பது பழைய பாட்டு. சரியான முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே வராதவர் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாம் என்பதுதான் 2007 தீர்ப்பு. "வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்" என்பதும் தனியாக நிற்காது, கையெழுத்தை ஒப்புக்கொண்டாலே கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும்.

உண்மையில் வேலை செய்யும் வாதம் வேறு: "இவரிடம் 4 லட்சம் எங்கிருந்து வந்தது?" அந்த ஊகத்தை உடைக்க அவர் ஐயத்துக்கு இடமில்லாமல் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பும்படியான சந்தேகத்தைக் கிளப்பினாலே போதும். கையில் ரொக்கமாகக் கொடுத்தேன், புரோநோட் இல்லை, வங்கியில் எடுத்த பதிவு இல்லை, வருமான வரிக் கணக்கிலும் காட்டவில்லை என்றால் குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல முடியாமல் திணற வேண்டியிருக்கும். இப்படித் தடுமாறிய வழக்குகளில் விடுதலை ஆனவர்கள் உண்டு.

நம் கணக்கில் நான் தேர்ந்தெடுப்பது இதுதான். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால், வாட்ஸ்அப்பில் கடனை ஒப்புக்கொண்ட செய்தி இருந்தால், பிப்ரவரி முதல் வாரத்திலேயே நோட்டீஸ், பிறகு நேராக 138. ஆதாரம் மெலிதாக இருந்தால் ஒரே ஒரு முறை மறுபடி போடச் சம்மதித்து, அதற்குப் பதிலாகக் கடனை ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றை அவரிடம் எழுதி வாங்குவேன், ஆனால் மார்ச் நடுப்பகுதியைத் தாண்டிக் காத்திருக்க மாட்டேன். சிவில் வழக்கை, செக்கின் ஆயுள் முடிந்து 138-ன் கதவு மூடிய பிறகும், வட்டி பெரிதாக ஏறி நிற்கும்போதும்தான் எடுப்பேன்.