மூணு வருஷமா கன்டினியூட்டி ரிப்போர்ட் எழுதுறேன், எடிட்டருக்கு எது உதவுச்சுன்னு சொல்றேன்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் நடக்குற சினிமா ஷூட்டிங்ல மூணு வருஷமா கன்டினியூட்டி பாக்குறேன், அதாவது ஷாட்டுக்கு ஷாட் வசனம், பொருள், அசைவு மாறாம பாத்துக்குற வேலை, டெய்லி ரிப்போர்ட் எழுதி எடிட்டருக்கு அனுப்புறது என் பொறுப்பு. ஆரம்பத்துல சீன், ஷாட், டேக், கிளிப் நம்பர், கடைசி காலம்ல டேக் தேறுச்சுன்னா ஓகே, தேறலன்னா என்ஜி, அவ்ளோதான் எழுதுவேன். முதல் படத்துலயே அது பத்தாதுன்னு ஆயிடுச்சு.

பாம்பன் கரையில ஒரு சீன், அம்மா கருவாடு காயப்போட்டுட்டு இருப்பாங்க, மகன் வந்து வெள்ளிக்கிழமை விசைப்படகுல கடலுக்கு போறேன்னு சொல்லணும். வைட் ஷாட் மூணு டேக் போனோம், மூணாவது ஓகே. அடுத்து மகனுக்கு க்ளோஸ் வைக்கிறப்ப, வேடிக்கை பாத்துட்டு நின்ன ஒரு அண்ணன் டைரக்டர்கிட்ட வந்து, "வெள்ளிக்கிழமை எப்படி தம்பி விசைப்படகு போகும், நம்ம முறை திங்க, புதன், சனில்ல"ன்னாரு. இங்க விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்துல நாள் பிரிச்சுதான் வச்சிருக்காங்க, அவர் சொன்னது சரி. உடனே வசனத்த சனிக்கிழமைன்னு மாத்தி க்ளோஸ் எடுத்தோம், வெயில் எறங்கிட்டதால வைட்ட திரும்ப எடுக்க முடியல. நான் ரெண்டு ஷாட்டுக்கும் ஓகேன்னு மட்டும் எழுதிட்டேன்.

எடிட்டர் இருந்தது சென்னைல, அவருக்கு இந்த கதை எப்படி தெரியும்? அந்த வரிக்கு வைட்தான் நல்லா இருக்குன்னு அதையே வச்சிட்டாரு, பின்னாடி வர்ற சீன்ல அம்மா சனிக்கிழமைன்னு சொல்லுவாங்க. எடிட் லாக் ஆகி, அதாவது இனி வெட்டு மாறாதுன்னு முடிவாகி, சவுண்ட் வேலை நடக்கும்போதுதான் கண்டுபிடிச்சாங்க, லாக்க திரும்ப பிரிக்கணுமான்னு பேச்சு வந்துச்சு. ஆனா அந்த வைட்ல மகன் கேமராவுக்கு முதுகு காட்டிதான் நிப்பான், வாய் தெரியாது, க்ளோஸ் சவுண்ட தூக்கி அங்க வச்சா முடிஞ்சுது. இது எனக்கு அன்னைக்கே தெரியும், எழுதல, அதான் இன்னும் மனசுல உறுத்துது.

இப்ப அதே விஷயத்த இப்படி எழுதுவேன்: "சீன் 37, ஷாட் 2 வைட், டேக் 3 ஓகே, வசனம் 'வெள்ளி', பழசு. ஷாட் 3 க்ளோஸ், டேக் 1லேந்து 'சனி', இதான் சரி. வைட்ல மகன் முதுகு, வாய் தெரியாது, க்ளோஸ் சவுண்ட் போடலாம்." எது மாறுச்சு, எந்த டேக்லேந்து மாறுச்சு, மாறுறதுக்கு முன்னாடி எடுத்தத எப்படி காப்பாத்தலாம், இந்த மூணும் இருந்தா எடிட்டர் போன் பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

ரெண்டாவதா நான் மாத்துனது என்ஜி எழுதுற விதம். ஸ்பாட்ல பதிவாகுற குரலையே படத்துல வைக்கிற லைவ் சவுண்ட் படம்னா பிக்சர் என்ஜியா சவுண்ட் என்ஜியான்னு தனித்தனியா போடணும். தனுஷ்கோடில காத்து மைக்க அடிச்சிட்டே இருக்கும், நடிப்பு பிரமாதமா வந்த டேக்ல பாதி வசனம் கேக்காது, இன்னொரு டேக்ல ஃபோகஸ் போயிருக்கும் ஆனா குரல் சுத்தமா இருக்கும். ரெண்டுக்கும் வெறும் என்ஜின்னு போட்டா எடிட்டர் ரெண்டையும் தொறந்து கூட பாக்க மாட்டாரு. "டேக் 2, ஃபோகஸ் அவுட், சவுண்ட் நல்லா இருக்கு, டேக் 4 பிக்சருக்கு ட்ரை பண்ணலாம்"னு எழுதுனா ஒரு வழி கெடைக்கும், ஆனா நடிகர் ரெண்டு டேக்லயும் ஒரே வேகத்துல பேசியிருந்தாதான் உதடு சேரும், அதனால ஸ்டாப்வாட்ச்ல வந்த நேரத்தையும் பக்கத்துல போடுறேன். டேக் முழுசா ஓகே இல்லன்னா "அம்மா திரும்புற வரைக்கும் ஓகே"ன்னு எது வரைக்கும்னு எழுதிடுவேன்.

போன்ல ஷீட் தொறந்து நேரா டைப் பண்ணவும் பாத்தேன், எனக்கு ஒத்துவரல. கடற்கரை வெயில்ல ஸ்கிரீன் தெரியாது, அதவிட குனிஞ்சு டைப் பண்ற ரெண்டு செகண்ட்ல நடிகர் வலைய எந்த கையில எடுத்தாருன்னு தவறிடும். இப்ப ஸ்பாட்ல பேப்பர், பால்பாயிண்ட் பேனா, ஜெல் பேனா வேண்டாம், ஈரக்கை பட்டா எழுத்து கரைஞ்சிடும். ராத்திரி ரூம்ல உக்காந்து ஒரு மணி நேரம் டைப் பண்ணி அன்னைக்கே அனுப்பிடுவேன், மறுநாள் எழுதுனா ஏன் ஓகேங்கிற காரணம் பாதி மறந்துடுது.

ஒரு குறை இருக்கு, கிளாப்ல தப்பு நம்பர் போட்டா ரிப்போர்ட் எவ்ளோ நல்லா எழுதியும் பிரயோஜனம் இல்ல. ஒருநாள் கிளாப்ல ஷாட் 5, என் பேப்பர்ல ஷாட் 6, படகுக்குள்ள எடுத்ததால டேக் முடிஞ்சப்புறம் அடிக்கிற எண்ட் கிளாப் வேற. இப்ப லஞ்ச் பிரேக்லயும் பேக்கப்லயும் கேமரா அசிஸ்டென்ட் தம்பிகூட உக்காந்து A004C011 மாதிரி கிளிப் பேர ஒவ்வொண்ணா சரிபாத்துட்டுதான் பேப்பர மடிக்கிறேன், தப்பு இருந்தா "கிளாப்ல 5, உண்மையில 6"ன்னு அந்த வரிலயே எழுதிடுறேன்.