ரெஃபரன்ஸ் படத்தில் உள்ள அதே ஜாக்கெட்டை ஏஐ மூலம் ஒருவருக்கு அணிவித்தல்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஒருவருடைய புகைப்படத்தையும் ஒரு ஜாக்கெட்டின் படத்தையும் சேர்த்துக் கொடுத்து “இதை இவருக்கு அணிவிக்கவும்” என்று கேட்டால், இன்றைய பட எடிட்டிங் கருவிகள் ஏதோ ஒரு ஜாக்கெட்டைப் பொருத்தமாகவே அணிவித்துவிடுகின்றன. சாதாரணமான, நடுவில் ஜிப் வைத்த, இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் ஜாக்கெட் என்றால் அந்த ஒற்றை வரியே போதும். ஆடை விற்பனைக்கான படங்களைத் தயாரிக்கும் வேலையில் இந்தக் கருவிகள் பலவற்றை நெடுநாளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் சொல்வதானால், சிக்கல் தொடங்குவது ஜாக்கெட்டுக்கென்று தனி அமைப்பு இருக்கும்போதுதான். அதனால், என்னை மிகுதியாக வேலை வாங்கிய ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்: குறுக்கு ஜிப் வைத்த கறுப்பு லெதர் ஜாக்கெட்.

அந்த ஜாக்கெட்டின் ஜிப், கீழ் விளிம்பின் நடுவில் தொடங்கி, அணிபவரின் இடத் தோளை நோக்கிச் சாய்வாக ஏறுகிறது. அகலமான காலர் மடிப்பின் நுனிகளில் உலோக அழுத்துபொத்தான்கள் உள்ளன. இடுப்பருகே இரண்டு சாய்ந்த ஜிப் பாக்கெட்டுகளும், ஒரு பக்கத்தில் மட்டும் மூடி வைத்த சிறிய பாக்கெட் ஒன்றும், கீழே பக்கிளுடன் கூடிய பெல்ட்டும் இருக்கின்றன. ஒற்றை வரிக் கட்டளைக்குக் கிடைக்கும் படத்தில், முதல் பார்வைக்கு எல்லாம் சரியாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் சாய்வு ஜிப் நடுப்பக்கம் நகர்ந்திருக்கும். ஒரு பக்கம் இருக்க வேண்டிய சிறிய பாக்கெட் இரு பக்கமும் முளைத்திருக்கும். பெல்ட் தனிப் பட்டையாக இல்லாமல் கீழ் விளிம்போடு ஒட்டிப்போயிருக்கும். இடுப்பில் முடிய வேண்டிய ஜாக்கெட் தொடை வரை இறங்கியிருக்கும்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. இந்தக் கருவிகளை இயக்கும் ஏஐ மாடல்கள் கற்றுக்கொண்ட படங்களில் பெரும்பாலான ஜாக்கெட்டுகள் இருபுறமும் ஒத்தவை. தெளிவில்லாத இடத்தில் மாடல் தனக்குப் பழக்கமான வடிவத்தின் பக்கமே சாய்கிறது. இரண்டாவது, நாம் கொடுக்கும் படத்தை மாடல் அப்படியே முழு அளவில் பார்ப்பதில்லை. வெறும் இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை உருவாக்கும், பரவலாகப் பயன்படும் டிஃப்யூஷன் மாடல்கள் பலவற்றில் படம் நீளத்திலும் அகலத்திலும் 8 மடங்கு சுருக்கப்பட்ட பின்னரே கையாளப்படுகிறது. 1024 பிக்சல் அகலமுள்ள படம் உள்ளே 128 கட்டங்களாகிறது. ரெஃபரன்ஸ் படத்தில் ஓர் அழுத்துபொத்தான் 6 பிக்சல் அளவே இருந்தால் அது ஒரு கட்டத்தைக்கூட நிரப்புவதில்லை. அதை எத்தனை வார்த்தைகளில் வர்ணித்தாலும், வருவது மாடல் தானாகக் கற்பனை செய்த பொத்தானாகவே இருக்கும்.

ஆகவே ப்ராம்ப்ட் எனப்படும் எழுத்துக் கட்டளைக்கு முன்னால் படத்தைச் சீர்செய்வதே என் முதல் வேலை. ஜாக்கெட் சட்டகத்தின் பெரும்பகுதியை நிரப்பும்படி ஓரங்களை வெட்டுகிறேன். வேறொருவர் அணிந்திருக்கும் படத்தைவிட, தட்டையாக விரித்து மேலிருந்து எடுத்த படமோ உருவமற்ற பொம்மையில் மாட்டி எடுத்த படமோ நல்லது. அணிந்திருப்பவரின் முகம் ரெஃபரன்ஸில் இருந்தால், அவருடைய தாடியோ தலைமுடியோ தோள் அகலமோ நம் ஆளின் மீது கசிந்து வந்துவிடும். வேறு படமே கிடைக்காதபோது கழுத்துக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் வெட்டிவிட்டுக் கொடுக்கிறேன். செல்ஃபி கேமராவில் எடுத்த படமாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: படம் இடவலமாகத் திரும்பியிருக்கலாம். கழுத்துப் பட்டியில் உள்ள எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி ப்ராம்ப்ட். தொடக்கத்தில் பலரும் செய்வது, ஜாக்கெட்டை வார்த்தைகளால் முழுமையாக வர்ணிப்பது. “மிடுக்கான, பளபளக்கும், உயர்தர, பைக்கர் பாணி” என்று அடுக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் மாடலுக்குத் தெரிந்த வேறு ஜாக்கெட்டுகளை நினைவுக்குக் கொண்டுவருகிறது. நம் படத்திலுள்ள லெதர் மங்கலானது. “பளபளக்கும்” என்ற சொல் வந்துவிட்டால் படத்தைவிட அந்தச் சொல்லே வெல்கிறது. நிறம், தோலின் தன்மை, தையல் ஆகியவற்றைப் படமே சொல்லட்டும். எந்தப் படத்தில் எது இருக்கிறது, எது மாறக் கூடாது, மாடல் வழக்கமாகத் தவறவிடும் அமைப்புகள் எவை ஆகிய மூன்றுக்கு மட்டுமே என் ப்ராம்ப்ட்டில் இடமுண்டு. சாம்பல் நிற ஹூடி அணிந்து, இடக் கையில் கடிகாரம் கட்டி, நேராக நிற்கும் ஒருவருடைய படத்துக்கு நான் எழுதியது இது:

```
படம் 1: அணிய வேண்டியவர். படம் 2: ஜாக்கெட்.
படம் 1-இல் உள்ளவருக்குப் படம் 2-இல் உள்ள அதே ஜாக்கெட்டை அணிவிக்கவும்.
அவர் அணிந்துள்ள ஹூடியையும் அதன் தொப்பியையும் முழுவதும் நீக்கவும்;
ஜாக்கெட்டுக்குள் வெள்ளை டி-ஷர்ட் தெரியட்டும்.
முகம், தலைமுடி, நிற்கும் நிலை, கைகள், பின்னணி, சட்டக அளவு
ஆகியவை படம் 1-இல் உள்ளபடியே இருக்கட்டும்.
ஜிப் சாய்வானது; அதன் மேல்முனை கடிகாரம் கட்டிய கையின்
பக்கத்துத் தோளை நோக்கிச் செல்கிறது. ஜிப் பாதி வரை மூடியிருக்கிறது.
மூடி வைத்த சிறிய பாக்கெட் ஒன்றே ஒன்று; மறுபக்கத்தில் இல்லை.
ஜாக்கெட் பேன்ட் பெல்ட்டின் மேல் முடிகிறது.
வெளிச்சமும் நிழலும் படம் 1-ஐப் பின்பற்றட்டும்.
```

இதில் கடிகாரத்தைக் குறிப்பிட்டிருப்பது வேண்டுமென்றே செய்தது. “இடப்பக்கம்” என்று எழுதினால் அது அணிபவரின் இடமா, படத்தைப் பார்ப்பவரின் இடமா என்ற குழப்பம் வருகிறது; ஒரு முறை சரியாகவும் மறுமுறை தலைகீழாகவும் வருவதற்கு இதுவே காரணம். படத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளோடு திசையைக் கட்டிவிட்டால் அந்தக் குழப்பம் பெருமளவு குறைகிறது. கடிகாரம் இல்லாவிட்டால் “ஜன்னல் இருக்கும் பக்கம்”, “பை தொங்கும் தோள்” என்று எதையாவது பிடித்துக்கொள்ளலாம். நீளத்துக்கும் இதே வழிதான். “குட்டையான ஜாக்கெட்” என்பதற்கு அளவில்லை. “பேன்ட் பெல்ட்டின் மேல் முடிகிறது” என்பதற்கு உண்டு.

பழைய உடையை நீக்கச் சொல்லும் வரியையும் விட்டுவிடக் கூடாது. அந்த வரி இல்லாதபோது ஹூடியின் தொப்பி ஜாக்கெட் காலருக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் புடைப்பாக எஞ்சி நிற்கும், அல்லது காலரே ஹூடித் துணியின் மென்மையோடு வளைந்து வரும். நீக்கச் சொன்னால் மட்டும் போதாது; அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே டி-ஷர்ட் என்று குறிப்பிடாத ப்ராம்ப்ட்டுக்கு, ஜிப்பைக் கழுத்து வரை மூடிய படமே திரும்பத் திரும்ப வந்தது. வெற்றிடத்தை மறைக்க மாடலுக்கு அதுதான் எளிய வழி.

வந்த படத்தைச் சரிபார்க்கும்போது நான் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. இரண்டு படங்களையும் அருகருகே பெரிதாக்கி, ஜிப்பின் கீழ்முனையில் தொடங்கி மேல்முனை வரை விரலால் தொடர்ந்து போகிறேன். போலியாக வந்த ஜிப் பெரும்பாலும் காலர் மடிப்புக்கு அடியில் காணாமல் போகும், அல்லது இரண்டாகப் பிரிந்து காலரின் இரு விளிம்புகளிலும் ஓடும். பிறகு பாக்கெட்டுகளை எண்ணுகிறேன். கடைசியாக முகத்துக்கு வந்து, மூல முகத்தோடு ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். தனியாகப் பார்க்கும்போது அதே ஆள்தான் என்று தோன்றும் முகத்தில்கூட, இப்படிப் பார்க்கும்போது தாடை சற்றுக் குறுகியிருப்பதும் தோல் வழவழப்பாகியிருப்பதும் தெரியும். அணிபவர் இந்த வேலைக்கு ஒப்புதல் கொடுத்தவராக இருந்தாலும், மாறிய முகத்தோடு படத்தை வெளியிடுவது சரியாகாது.

குறை தென்பட்டால், வந்த படத்தின் மீதே “பாக்கெட்டை மட்டும் மாற்று” என்று அடுத்தடுத்துக் கேட்பது இயல்பாகத் தோன்றும் வழி. பல கருவிகள் ஒவ்வொரு திருத்தத்திலும் முழுப் படத்தையும் புதிதாகவே உருவாக்குகின்றன. ஜெராக்ஸ் எடுத்ததையே மறுபடி ஜெராக்ஸ் எடுப்பதுபோல, சில சுற்றுகளில் முகமும் துணியின் நுணுக்கமும் கரைந்துவிடும். எனவே நான் ப்ராம்ப்ட்டில் அந்த ஒரு வரியைத் திருத்தி, மூலப் படங்கள் இரண்டையும் வைத்து முதலிலிருந்து ஓட்டுகிறேன். ஒரே ப்ராம்ப்ட்டுக்கே ஒவ்வொரு முறையும் வேறு படம் வரும் என்பதால், எந்த வரியால் பலன் கிடைத்தது என்று முடிவு செய்வதற்கு முன் அதே ப்ராம்ப்ட்டைச் சில முறை ஓட்டிப் பார்ப்பதும் தேவை. மாற்ற வேண்டிய பகுதியை மட்டும் குறித்துக் காட்டும் மாஸ்க் வசதி கருவியில் இருந்தால் நிலைமை வேறு: குறையுள்ள பாக்கெட்டின் மீது மட்டும் மாஸ்க் வரைந்து, ரெஃபரன்ஸாக அந்தப் பாக்கெட்டின் நெருக்கப் படத்தைத் தனியே வெட்டிக் கொடுக்கலாம். மாஸ்க்கைப் பாக்கெட்டின் விளிம்போடு ஒட்டி வரையாமல், சுற்றிலும் சற்று லெதரையும் சேர்த்து வரைந்தால்தான் ஒட்டுப்போட்டது போன்ற தடம் தெரியாது. மாஸ்க்குக்கு வெளியே இருக்கும் பகுதியையும் லேசாக மாற்றிவிடும் கருவிகள் உண்டு. அவற்றில் வந்த படத்திலிருந்து பாக்கெட் பகுதியை மட்டும் எடுத்து, படத் திருத்த மென்பொருளில் முந்தைய படத்தின் மீது வைத்துவிடுவேன்.

எந்த ப்ராம்ப்ட்டும் தீர்க்காதவையும் இருக்கின்றன. ரெஃபரன்ஸில் ஜிப் மூடியிருந்து, நமக்குத் திறந்த ஜாக்கெட் வேண்டுமென்றால், உள் லைனிங் எப்படி இருக்கிறது என்று மாடலுக்குத் தெரிய வழியில்லை. லைனிங்கின் படத்தை மூன்றாவது படமாகக் கொடுத்தால்தான் சரியான நிறம் வரும். முதுகுப்புறமும் அப்படித்தான். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு அணிவித்தால், மார்புப் பகுதியின் பாதி மறைந்து, தெரிகிற பாதியை மாடல் தவறான இடத்தில் பொருத்திவிடுகிறது; இதற்கு ப்ராம்ப்ட்டைத் தேய்ப்பதைவிட, கைகளைத் தொங்கவிட்ட வேறு படத்தைக் கேட்டு வாங்குவது விரைவான வழி. ஜிப்பின் இழுப்பானில் பொறித்த சிறிய எழுத்து நான் பயன்படுத்திய எந்தக் கருவியிலும் நம்பகமாக வரவில்லை. அதை மூலப் படத்திலிருந்து வெட்டிக் கையாலேயே ஒட்டுகிறேன்.

அளவு பொருந்துமா என்பதையும் இந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஜாக்கெட்டின் மார்புச் சுற்றளவோ அணிபவரின் தோள் அகலமோ மாடலுக்குத் தெரியாது. எந்த உடம்புக்கும் தைத்துக் கொடுத்ததுபோல அது அளவைச் சரிசெய்து வரைந்துவிடும். வாங்குபவர் இந்தப் படத்தைப் பார்த்து அளவைத் தேர்வு செய்யக்கூடும் என்ற நிலையில், படத்துக்கு அருகே மார்பு, தோள், கை நீளம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் கொடுத்து, படம் ஏஐ மூலம் உருவாக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட்டே வெளியிடுகிறேன்.