பொது யூனிட்: சமமாகவா, விகிதப்படியா?

மூன்று அறைகளில் மூன்று பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்து, கரண்ட் பில்லைப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மெயின் மீட்டரில் 300 யூனிட், பில் 2,400 ரூபாய். சப் மீட்டர்களில் முதல் அறை 120, இரண்டாவது 80, மூன்றாவது 40. மீதி 60 யூனிட் ஃபிரிட்ஜ், ஹால் விளக்கு மாதிரியான பொதுச் செலவு. தகராறு வருவது இந்த 60-ல்தான்.

சமமாகப் பிரித்தால் (தலைக்கு 20 யூனிட்): 1,120, 800, 480.
சப் மீட்டர் விகிதப்படி: 1,200, 800, 400.

பில்லை முதல் அறைக்காரர் கட்டியிருந்தால், இரண்டாமவர் எப்படியும் அவருக்கு 800 தர வேண்டும். மூன்றாமவர் தருவது 480-ஆ 400-ஆ என்பதுதான் கேள்வி.

எல்லோரும் மாதம் முழுக்க வீட்டில் இருந்தால் சமப் பங்கே நியாயம். அறையில் ஏசி ஓடியதற்கும் ஹால் விளக்குக்கும் சம்பந்தமில்லை. ஒருவர் பாதி மாதம் ஊரில் இல்லையென்றால் விகிதம் பொருந்தும்.

எந்த முறையானாலும், மெயின் ரீடிங் எடுக்கும் அன்றே சப் மீட்டர்களையும் குறியுங்கள். சப் மீட்டரின் கடைசி ரீடிங்கை இரண்டு நாள் முந்திக் குறித்தால், அந்த இரண்டு நாள் அறைச் செலவும் பொதுக் கணக்கில் விழுந்துவிடும். பொது யூனிட் திடீரென எகிறினால் முதலில் தேதியைப் பாருங்கள்.