புரோட்டமின் கொடுத்தும் ரத்தம் நிற்காதபோது: டெக் கருவியோடு நெடுநாள் அனுபவம்

இதய அறுவை அரங்கில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். ரத்தம் எப்படி உறைகிறது என்று காட்டும் த்ரோம்போஎலாஸ்டோகிராபி, அதாவது எங்கள் வாயில் வெறும் ‘டெக்’, பல வருஷமாகப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் கோப்பையும் ஊசியும் வைத்த பழைய மாடல், அப்புறம் காட்ரிட்ஜ் மாடல். எல்லா கேஸிலும் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சாதாரண பைபாஸ் அறுவை, ரத்தக் கசிவு இல்லை என்றால் அதைத் தொடுவதே இல்லை. எனக்கு அது தன் விலைக்கு உழைப்பது ஒரே ஒரு நேரத்தில்தான்: இதயத்தின் வேலையைச் செய்யும் பைபாஸ் மெஷினை விட்டு வெளியே வந்தாயிற்று, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெபாரினை முறிக்கும் புரோட்டமினும் கொடுத்தாயிற்று, ஆனாலும் தையல் போட்ட இடம், எலும்பு ஓரம், திசு என்று எங்கு பார்த்தாலும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கருவி செய்வது எளிமையான வேலை. ஹெல்முட் ஹார்ட்டர்ட் 1948இல் ஜெர்மனியில் விவரித்த யோசனைதான் இன்றும். சிறிய கோப்பையில் மூன்றில் ஒரு மில்லி அளவு ரத்தம், 37 டிகிரி சூடு, நடுவில் தொங்கும் ஒரு ஊசி. கோப்பை ஐந்து டிகிரிக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திரும்பும். ரத்தம் நீராக இருக்கும்வரை ஊசி அசையாது. உறைய ஆரம்பித்து நார்கள் கோப்பையையும் ஊசியையும் பிணைத்ததும் ஊசியும் கூடத் திரும்பும், அந்த அசைவுதான் திரையில் கோடாக விரியும். காட்ரிட்ஜ் மாடலில் ஊசி கிடையாது. ரத்தத்தை லேசாக அதிரவைத்து, எந்த அதிர்வெண்ணில் அதிகம் ஆடுகிறது என்று ஒளியை வைத்துப் பார்க்கிறது. கட்டி இறுக இறுக அந்த அதிர்வெண் ஏறும். திரையில் வரும் படம் மட்டும் பழையபடியேதான், ஒற்றைக் கோடாகத் தொடங்கி இரண்டாகப் பிரிந்து விரியும் கரண்டி மாதிரி.

அதில் நான் முதலில் பார்ப்பது இரண்டே எண்கள். R என்பது கோடு பிரியத் தொடங்கும்வரை எடுக்கும் நிமிஷங்கள். உறைதல் காரணிகள் குறைந்தாலோ ஹெபாரின் மிச்சமிருந்தாலோ இது நீளும். MA என்பது கோடு அதிகபட்சம் எவ்வளவு விரிந்தது என்பது, மில்லிமீட்டரில். கட்டியின் பலம் அதுதான், பிளேட்லெட்டும், உறையும்போது நாராக மாறும் ஃபைப்ரினோஜனும் சேர்ந்து கொடுப்பது. எங்கள் கருவியில் R ஏறத்தாழ 5 முதல் 9 நிமிஷம், MA 52 முதல் 69 வரை இருந்தால் சரி. மற்ற எண்களை ஓரக்கண்ணால்தான் பார்ப்பேன்.

காட்ரிட்ஜ் ஒரே ரத்தத்தை நான்காகப் பிரித்து நான்கு அறைகளில் ஓட்டுகிறது. கசிவு நேரத்தில் உதவுவது இதுதான், ஏனென்றால் பதில் ஒற்றை எண்ணில் கிடைப்பதில்லை, அறைகளை ஒப்பிடும்போதுதான் கிடைக்கிறது. CK அறையில் உறைதலைத் தூண்டும் கயோலின் மட்டும். CKH அறையில் கயோலினோடு ஹெபாரினைச் சிதைக்கும் ஹெபாரினேஸ். CK-இல் R நீண்டு CKH-இல் R சரியாக வந்தால் ரத்தத்தில் ஹெபாரின் இருக்கிறது. இரண்டிலுமே நீண்டிருந்தால் ஹெபாரினைக் குறை சொல்லிப் பயனில்லை, காரணிகள் போதவில்லை. இல்லாவிட்டால் புரோட்டமினே அதிகமாகிவிட்டது, அதுவும் அளவு மீறினால் உறைதலைத் தடுக்கும். CFF அறையில் அப்சிக்சிமாப் என்ற மருந்து பிளேட்லெட்டுகளின் கையைக் கட்டிவிடும், எனவே அங்கே தெரியும் பலம் ஃபைப்ரினோஜனுடையது மட்டும். அது 15-க்குக் கீழே போனால் ஃபைப்ரினோஜன் குறைவு. மொத்த MA குறைந்தும் CFF நன்றாக இருந்தால் குறை பிளேட்லெட்டில். CRT அறை திசுக்காரணி சேர்த்து வேகமாக ஓடுவது, பலத்தைச் சீக்கிரம் சொல்லும்.

எங்களுக்கு அடிக்கடி வரும் வகை கேஸ் ஒன்று. அடையாளம் தெரியக்கூடாது என்று சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு முறை மார்பைத் திறந்த நோயாளி, இந்த முறை இரண்டு வால்வு, பைபாஸ் நேரம் நீளம். புரோட்டமின் முழு அளவு கொடுத்தபின், அரங்கிலேயே பார்க்கும் உறைதல் நேரமான ஏ.சி.டி. 138 வினாடி. பழக்கப்படி அதோடு ஹெபாரின் கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஊறல் நிற்கவில்லை. அறுவை மருத்துவர், “பிளேட்லெட் கொண்டு வரச் சொல்லுங்க சார், அப்படியே நாலு பிளாஸ்மாவும்” என்றார். ஒரு பத்து நிமிஷம் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு டெக் போட்டோம், கூடவே லேபுக்கும் அனுப்பினோம்.

CK-இல் கோடு பிரியவே மாட்டேன் என்றது, கடைசியில் R 13 நிமிஷம். CKH-இல் 7. ஆக ஏ.சி.டி. கண்ணுக்குத் தப்பிய கொஞ்சம் ஹெபாரின் இருக்கிறது, ஏ.சி.டி. சின்ன அளவு ஹெபாரினைப் பிடிப்பதில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதே நேரம் CKH-இன் R 7 இன்னொன்றையும் சொன்னது: ஹெபாரினை எடுத்துவிட்டால் காரணிகள் போதுமானவை, பிளாஸ்மா தேவையில்லை. CFF-இன் MA 9. மொத்த MA-வை CKH-இல் பார்த்தால் 44. முதலில் சரிசெய்ய வேண்டியது ஃபைப்ரினோஜன் என்று தெரிந்தது. புரோட்டமின் இன்னொரு 30 மில்லிகிராம் மெதுவாக, ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோ 10 யூனிட். அதற்கு முன்பே ரத்த வாயுப் பரிசோதனையில் அயனிக் கால்சியம் 0.98 என்று வந்திருந்ததால் கால்சியமும் கொடுத்தாயிற்று.

இதெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதுதான் லேப் ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட் 88,000, பிளாஸ்மா உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். 1.6, ஃபைப்ரினோஜன் 150. இந்தத் தாள் மட்டும் கையில் இருந்திருந்தால் ஐ.என்.ஆரைப் பார்த்து பிளாஸ்மா, எண்ணிக்கையைப் பார்த்து பிளேட்லெட் என்று போயிருப்போம், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் வலது இதயத்துக்கு லிட்டர் கணக்கில் திரவமும் ஏறியிருக்கும். இரண்டாவது டெக்கில் CK, CKH இரண்டும் 7-ஐ ஒட்டி வந்துவிட்டன. CFF 16, மொத்த MA 52. அறுவை செய்த இடம் காய்ந்தது. பிளேட்லெட் பை மேசைமேலேயே இருந்தது, கடைசிவரை பிரிக்கவில்லை.

பத்து நிமிஷம் என்று சொன்னதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. MA முழுதாக வரக் காத்திருக்க வேண்டியதில்லை. CRT, CFF அறைகளில் உறையத் தொடங்கியதிலிருந்து பத்தாவது நிமிஷ விரிவைத் திரையே காட்டும் (A10), முடிவெடுக்க அது போதும். கட்டி கரைவதைச் சொல்லும் LY30-க்கோ MA வந்த பிறகு இன்னும் 30 நிமிஷம் வேண்டும். எங்கள் நோயாளிகளுக்குக் கட்டி கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அதற்காக நான் காத்திருப்பதில்லை. விபத்துக் காயத்திலோ கல்லீரல் மாற்று அறுவையிலோ வேலை பார்ப்பவருக்கு அதே LY30 முக்கியமான எண்ணாக இருக்கலாம்.

இனி தொல்லைகள். ரத்தம் எடுக்கும் விதத்தில்தான் பாதிப் பிரச்சினை. ஹெபாரின் கலந்த உப்புநீரால் கழுவப்படும் தமனி லைனிலிருந்து, முதலில் வரும் ரத்தத்தைத் தள்ளாமல் எடுத்தால், CK நீளும், CKH சரியாக இருக்கும். அதாவது நோயாளியின் உடம்பில் ஹெபாரின் இருப்பதுபோலவே அச்சு அசலாகத் தெரியும், கோட்டை மட்டும் பார்த்துப் பிரித்தறிய வழியே கிடையாது. அதை நம்பி புரோட்டமின் மேல் புரோட்டமின் கொடுத்தால் கசிவு கூடத்தான் செய்யும். அதனால் கோடு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி “எந்த லைன், எவ்வளவு தள்ளினீங்க?” என்பதுதான். பதில் தடுமாறினால் வேறு இடத்திலிருந்து மறு சாம்பிள். சாம்பிள் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் குழாயைக் குறியிட்ட கோடுவரை நிரப்பாவிட்டாலும் கோடு பொய் சொல்லும், ரத்தம் குறைந்து சிட்ரேட் மிஞ்சிவிடும். பழைய கோப்பை மாடலில் இதற்கெல்லாம் மேல் ஒரு கொடுமை, யாராவது மேசையை இடித்தாலே கோடு துள்ளும், பிப்பெட்டைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேறு வேண்டும். காட்ரிட்ஜ் அந்தத் தலைவலியைத் தீர்த்தது, விலையில்தான் கை வைக்கிறது. ஒரு அறை கோளாறு காட்டினாலும் முழுக் காட்ரிட்ஜும் குப்பைக்கு.

பைபாஸ் ஓடும்போதே நோயாளியைச் சூடேற்றும் கட்டத்தில் ஒரு டெக் போட்டுவிட்டால் கிரையோவை முன்கூட்டியே உருக்கச் சொல்லலாம், அது நல்ல பழக்கம். ஆனால் நாங்கள் வைத்திருக்கும் வகைக் காட்ரிட்ஜில் CKH-இல் மட்டும்தான் ஹெபாரினேஸ். முழு ஹெபாரினில் மற்ற அறைகளை நம்ப முடியாது. எனவே அப்போது CKH-இன் MA-வை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், கருவிக்குத் தெரியாதவை. கோடு அழகாக வந்திருக்கும், மார்பில் வைத்த டிரெயின் குழாயில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும். நோயாளி 34 டிகிரியில் இருந்தாலும் ரத்தம் கருவிக்குள் 37-க்குச் சூடாகிவிடும். சிட்ரேட் சாம்பிளில் கால்சியத்தைக் கருவியே சேர்த்துக்கொள்வதால் நோயாளியின் கால்சியம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது மறைந்துபோகும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் விளைவு சாதாரண கயோலின் கோட்டில் தெரியாது, கயோலின் தூண்டும் த்ராம்பின் அந்தத் தடையை மீறி பிளேட்லெட்டை எழுப்பிவிடும். அதற்குத் தனிக் காட்ரிட்ஜ் வேண்டும். ரத்தம் நாளத்தில் ஓடுவதுபோல் உள்ளே ஓடுவதில்லை என்பதால் பிளேட்லெட்டை நாளச் சுவரில் ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியின் குறையும் பிடிபடாது. ஆகவே நார்மல் கோடு வந்தால் நான் சூடு, கால்சியம், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் சரிபார்த்துவிட்டு, “சார், ரத்தம் நல்லா உறையுது, எங்கேயோ தையல் ஒழுகுது, பாருங்க” என்று சொல்லிவிடுவேன். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. கருவி எனக்குக் கொடுத்த பதில்களில் அதிகம் பிடித்தது இதுதான் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது, ஏனென்றால் ஒரு தமனிக் கிளை பீறிட்டுக்கொண்டிருக்கும்போது எத்தனை பை பிளேட்லெட் ஏற்றினாலும் அது டிரெயின் பாட்டிலில்தான் போய்ச் சேரும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்கு: விபத்துக் காயத்தில் 2021இல் வெளியான ITACTIC ஒப்பீட்டில், இந்த வகைக் கருவிகளை வைத்துச் சிகிச்சை கொடுத்ததற்கும் வழக்கமான லேபை வைத்துக் கொடுத்ததற்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. இதய அறுவையில் 2016இல் கனடாவின் 12 மருத்துவமனைகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோட்டெம் கருவியோடு பிளேட்லெட் பரிசோதனையும் சேர்த்துச் செய்து பார்த்தபோது ரத்தம் ஏற்றுவதும் பெரிய கசிவும் குறைந்தன. அங்கேயும் கருவி தனியாக வேலை செய்யவில்லை, எந்த எண்ணுக்கு என்ன கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு தாள் கூட இருந்தது. எங்கள் அரங்கிலும் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியபிறகுதான் புதிதாக வரும் ஆட்கள் கோட்டைப் பார்த்து ஆளுக்கொரு விளக்கம் சொல்வது நின்றது.