டிஸ்சார்ஜுக்கு அப்புறம் மாத்திரை எந்தக் கடையில் வாங்கினால் கிளெய்ம் நிற்கும்?

கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கிற நாம் பெரிய வைத்தியம் என்றால் கோவைக்குத்தான் போகிறோம். அங்கே கேஷ்லெஸ் கிடைத்துவிட்டால் ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடும் மாத்திரைக்கு அப்படி இல்லை. நாமே காசு கொடுத்து வாங்கி, பில்லும் சீட்டும் அனுப்பித்தான் திரும்ப வாங்க வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்பவர்களில் பலருக்குப் பாதிதான் கிடைக்கிறது. எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம் வருகிறது.

ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கொள்வோம், எல்லாக் கம்பெனியிலும் ஒரே விதிதான். அட்மிட் ஆவதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் மருந்துச் செலவு சேரும். மற்ற பாலிசிகளில் 90, 180 நாள்கூட உண்டு. எதுவானாலும் அட்மிட் ஆன நோய்க்கான மருந்தாக இருக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரி கிளெய்ம் முதலில் பாஸாகியிருக்க வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஜூன் 5இல் டிஸ்சார்ஜ் ஆனது. அப்படியானால் 60ஆவது நாள் ஆகஸ்ட் 4. அது முடிந்து 15 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 19க்குள், காகிதங்கள் போய்ச் சேர வேண்டும். எழுதிக் கொடுத்தவை ஆஸ்பிரின், டிக்காக்ரிலார், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், பழைய சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ஒரு மாதத்துக்குச் சீட்டு, பிறகு ரிவியூ.

ஆஸ்பத்திரி பார்மசி

காகிதம் என்று பார்த்தால் இதுதான் பழுதில்லாதது. நோயாளியின் பெயர், ஐபி எண், டாக்டர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் தானாகவே அச்சாகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் பிராண்டும் பில்லில் இருக்கும் பிராண்டும் ஒன்றாகவே இருக்கும். பரிசீலிப்பவருக்குக் கேள்வி கேட்க இடமில்லை. குறை என்னவென்றால் பெரும்பாலும் முழு எம்ஆர்பி. மாதாமாதம் இதற்காக எல்லை தாண்டிப் போய்வருவதும் வயதானவர்களுக்கு ஆகாது. முதல் மாத மருந்தை டிஸ்சார்ஜ் அன்றே இங்கே வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அன்றே இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். டிக்காக்ரிலார் நாளைக்கு இரண்டு. சீட்டு 30 நாளுக்கு என்றால் 60 மாத்திரை. பரிசீலிப்பவர் இந்தப் பெருக்கலைத்தான் முதலில் போடுவார். பில்லில் 120 இருந்தால் மீதி 60க்குச் சீட்டு எங்கே என்று குவரி வரும். இரண்டாம் மாதத்துக்கு ரிவியூவில் டாக்டர் எழுதித் தரும் ஓபி சீட்டு தனியாக வேண்டும். கன்சல்டேஷன் ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கட்டணமும் இதே கிளெய்மில் சேரும்.

ஊர் மெடிக்கல் ஷாப்

பக்கத்தில் இருக்கிறது, பழகினவர், பத்து சதவீதம் குறைத்தும் தருவார். கோவை டாக்டரின் சீட்டுக்குக் கேரளாவில் மருந்து வாங்கினாலும் பில் செல்லும். மாநிலம் ஒரு தடை இல்லை. ஆனால் கிளெய்ம் அடிபடுவது அதிகமும் இந்தப் பில்லால்தான். கூட்ட நேரத்தில் பெயர் கேட்காமல் ‘கேஷ்’ என்று போட்டுவிடுவார்கள். டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். சில கடைகளில் கையில் கிடைப்பது எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. அது பில்லே கிடையாது. பில் எண், கடையின் டிரக் லைசென்ஸ் எண், மருந்து வாரியாக விலை, பேட்ச் எண் இவையெல்லாம் இருந்தால்தான் அது பில்.

எங்கள் எல்லையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆதாரில் இனிஷியல் பின்னால், ஆஸ்பத்திரியில் முன்னால். கடைக்காரர் மலையாள உச்சரிப்பில் ‘முருகேசனை’ வேறு எழுத்தில் அடிக்கிறார். மூன்று காகிதத்தில் மூன்று பெயர். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோய், “அண்ணா, இதுல இருக்கற மாதிரியே பேரும் டாக்டர் பேரும் போட்டுக் குடுங்க” என்று கேட்டால் அங்கேயே சரியாகிவிடும். அடுத்த வாரம் போய்த் திருத்தச் சொன்னால், பேனாவால் திருத்தித் தருவார். பேனா திருத்தம் உள்ள பில் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். தெர்மல் காகிதப் பில் என்றால் அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், ஒரிஜினலில் எழுத்து மங்கிவிடும்.

தள்ளுபடி போக நாம் கொடுத்த தொகைக்குத்தான் கிளெய்ம் என்பதும் நினைவிருக்கட்டும்.

மக்கள் மருந்தகங்கள்

ஜன் ஔஷதி, கேரள அரசின் காருண்யா கம்யூனிட்டி பார்மசி, 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் எல்லாமே விலை குறைவு. ஜன் ஔஷதியில் பிராண்ட் விலையைவிட 50 முதல் 80 சதவீதம் குறைவு என்று அரசே சொல்கிறது. பில்லும் முறையான பில்தான். பொருந்தாமல் போவது பெயர். சீட்டில் பிராண்ட் பெயர், பில்லில் ஜெனரிக் பெயர். இரண்டும் ஒரே மருந்து என்று பரிசீலிப்பவர் தானாக ஒப்புக்கொள்வார் என்று நம்பியிருக்க முடியாது. டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் ஜெனரிக் பெயரிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டால் இந்த வழிக்கு வேறு குறை இல்லை. ஸ்டென்ட் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

ஆன்லைன்

பில் தெளிவாக அச்சாகி வரும், மெயிலிலும் இருக்கும். நான் இதற்குக் கடைசி இடம்தான் தருவேன். சீட்டைப் பதிவேற்றாமல் ஆர்டர் போட்டால், ஆப் தன் டாக்டரிடம் போனில் பேசவைத்துப் புதுச் சீட்டு ஒன்றை உருவாக்கிவிடும். பில்லில் அந்த டாக்டர் பெயர் ஏறும். ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர், மருந்து எழுதியவர் வேறொருவர் என்றாகிவிடும். கட்டாயம் ஆன்லைன்தான் என்றால் கோவைச் சீட்டையே பதிவேற்றி, பில்லில் எந்த டாக்டர் பெயர் வந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கையில் எவ்வளவு வரும்

முதல் மாதம் ஆஸ்பத்திரி பார்மசியில் 5,400 ரூபாய், அதில் மெட்ஃபார்மின் 300 என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை வேறு நோய் என்று அந்த 300ஐக் கழித்தால் மீதி 5,100. ஆரோக்கிய சஞ்சீவனியில் 5 சதவீதம் நம் பங்கு, 255 போனால் 4,845 வரும். அதே மருந்தை ஊர்க்கடையில் 4,860க்கு வாங்கி, டாக்டர் பெயர் இல்லை என்று பில் திரும்பிவந்தால் மொத்தமும் நம் கையை விட்டுப் போகும். அதனால் 60 நாள் வரைக்கும் விலையைவிடப் பில் நிற்குமா என்பதையே பாருங்கள். 61ஆவது நாளிலிருந்து முழுச் செலவும் நம்முடையது. அப்போது ஜன் ஔஷதியோ காருண்யாவோதான் சரி.

அனுப்பும்போது கிளெய்ம் ஃபார்மில் பழைய கேஷ்லெஸ் கிளெய்மின் எண்ணை எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரி நகல், கேன்சல் செய்த செக் வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் அதற்கான ஒரிஜினல் பில்லைத் தேதி வரிசையில் பின் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும். கூரியர் ரசீதையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள், 15 நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.