பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் 2,999 ரூபாய் போன கதை

அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாக மூன்று மாதம்தான் பாக்கி. தம்பி சிங்கப்பூருக்கு டிக்கெட் போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தபடியே போனில் தேடி, முதலில் வந்ததைத் திறந்தேன். அதன் மேலே பொடி எழுத்தில் Sponsored என்று போட்டிருந்ததை, அடுத்த நாள் மறுபடி தேடியபோதுதான் கவனித்தேன். காசு கொடுத்து மேலே ஏற்றிய விளம்பரம் அது.

பக்கத்தைப் பார்த்தால் அரசு அலுவலகம் போலத்தான் இருந்தது. மூவர்ணக் கோடு, சிங்கமுகச் சின்னத்தைப் போல ஏதோ ஒன்று, பெரிய பச்சை பட்டன்கள். இரண்டு வரிக்கு ஒரு விளம்பரம்: விசா, கடன், வெளிநாட்டு வேலை. நடுநடுவே "பாஸ்போர்ட் ஒரு முக்கியமான ஆவணம்" என்கிற மாதிரி பத்திகள். எனக்குத் தெரிய வேண்டியவை மூன்றே மூன்று. கட்டணம் எவ்வளவு, அதை யாருக்குக் கட்டுவது, அம்மா நேரில் போக வேண்டுமா? அத்தனை நீளப் பக்கத்தில் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. பதில் வர வேண்டிய இடத்திலெல்லாம் "இங்கே கிளிக் செய்யவும்" என்று ஒரு லிங்க் இருந்தது. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். நான் பட்டனை அழுத்தினேன். பெயர், பிறந்த தேதி, ஆதார் நகல் எல்லாம் கொடுத்து, 2,999 ரூபாயும் கட்டிவிட்டேன்.

மறுநாள் ஒருவர் போன் செய்தார். "சார், இது எங்க சர்வீஸ் சார்ஜ். கவர்மென்ட் ஃபீஸ் 1,500 தனியா கட்டணும்."

"அப்போ 2,999 எதுக்கு?"

"ஃபார்ம் ஃபில் பண்றதுக்கு சார்."

திரும்பப் போய்ப் பக்கத்தின் அடி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து: "இது தனியார் ஆலோசனை நிறுவனம். எந்த அரசுத் துறையுடனும் தொடர்பில்லை. கட்டணம் திரும்பத் தரப்படாது." அந்தப் பக்கத்திலேயே உண்மையான வாக்கியம் அதுதான். இப்போதெல்லாம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அடிக்குத்தான் போகிறேன்.

அடுத்தது முகவரி. பாஸ்போர்ட்டுக்கு அரசின் தளம் passportindia.gov.in. gov.in என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆனால் முகவரியில் gov என்ற எழுத்து எங்கேயாவது இருந்தால் போதாது. https:// போக, அதன் பிறகு வரும் முதல் சாய்கோடு வரைக்கும் உள்ளதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு இது:

```
passport-seva.gov.in.example.com/apply
```

இது gov.in தளம் இல்லை, example.com தளம். முன்னால் இருக்கும் gov.in வெறும் ஒட்டு. போனில் முகவரி பாதிதான் தெரியும் என்பதால், அதைத் தொட்டு முழுதாக விரித்துப் பாருங்கள். லிங்க் என்றால் திறக்காமல் விரலை அழுத்திப் பிடித்தால் எங்கே போகிறது என்று காட்டிவிடும். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தை நம்ப வேண்டாம். நான் ஏமாந்த தளத்திலும் பூட்டு இருந்தது. நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் பார்க்க முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம், எதிரே இருப்பவர் யோக்கியர் என்று இல்லை.

இன்னொன்று, பிரவுசரில் ரீடர் மோட் என்று இருக்கும். அதைப் போட்டால் விளம்பரமும் பட்டனும் பெரும்பாலும் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். அந்தப் பக்கத்தை அப்படித் திறந்து பார்த்தேன். சொன்னதையே திருப்பிச் சொல்லும் ஏழெட்டு வரிதான் மிஞ்சியது. அதில் ஒரு வரி சுத்தப் பொய்: "வீட்டிலிருந்தே பாஸ்போர்ட்". விரல் ரேகையும் போட்டோவும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில்தான் எடுப்பார்கள், அம்மா போயே ஆக வேண்டும். எல்லா அரசுப் பக்கத்துக்கும் ரீடர் மோட் வேலை செய்யாது, கட்டுரை மாதிரியான பக்கங்களுக்குத்தான் சரிப்படும்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தேன். வங்கியில், நீங்களே ஓடிபி போட்டுக் கட்டியது என்றார்கள். பக்கத்தின் அடியில் அறிவிப்பு இருப்பதால் அந்தத் தளத்துக்காரர்கள் அதையே காட்டித் தப்பிக்கிறார்கள். பணம் இன்னும் வரவில்லை. பணத்தைவிட ஆதார் நகல் அவர்கள் கையில் இருப்பதுதான் உறுத்துகிறது. அம்மாவின் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம் உண்மையான தளத்தில் நானே பதிவு செய்தேன். 36 பக்க பாஸ்போர்ட், சாதாரண முறை, 1,500 ரூபாய். விண்ணப்ப எண்ணோடு அப்பாயின்ட்மென்ட் சீட்டு வந்தது. 2,999 வாங்கியவர்கள் கொடுத்த ரசீதில் அந்த எண்ணே இல்லை. மொத்தம் முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பாதி அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டை பீரோவில் தேடியது.